வரிசையில நிக்கிறது ஆளா, மூட்டையா? – சிஸ்டம் டிசைன் இன்டர்வியூ

பேக்எண்ட் வேலைக்கு சிஸ்டம் டிசைன் ரவுண்டு எப்படி எடுக்கணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ட்விட்டர், ஊபர் மாதிரி கேள்விகளுக்கு விடை மனப்பாடமாகவே கிடைக்குது. அதனால நான் மாக் இன்டர்வியூ எடுக்கும்போது வேற ஒரு கேள்வி கேட்பேன். "பூதலூர் பக்கத்துல ஒரு நெல் கொள்முதல் நிலையம். விவசாயி எந்தத் தேதியில நெல்லைக் கொண்டுவரணும்னு முன்பதிவு செய்ய ஒரு சிஸ்டம் டிசைன் பண்ணுங்க." அவ்வளவுதான்.

தஞ்சாவூர்-திருச்சி ரயில் பாதையில போனவங்களுக்கு பூதலூர் தெரியும், சுத்தி நெல் வயல். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தோட நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். விவசாயி நெல்லைக் கொண்டுவந்து கொட்டுவார். தூத்துவாங்க, ஈரப்பதம் பார்ப்பாங்க. வழக்கமான வரம்பு 17 சதவீதம். அப்புறம் 40 கிலோவா சாக்குல பிடிச்சு, எடை போட்டு, தைச்சு அடுக்குவாங்க. லாரி வந்து குடோனுக்கு ஏத்திக்கிட்டுப் போகும். பணம் வங்கிக் கணக்குக்குப் போயிடும். முறை வர்ற வரைக்கும் நெல் வெளியில குவியலா கிடக்கும். நடுவுல மழை பெய்ஞ்சா ஈரம் ஏறும், வரம்பைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. தேதி தப்பானா ஒருத்தரோட மொத்த போக உழைப்பும் தார்ப்பாய்க்கு அடியில கிடக்கும்.

கேள்வியைக் கேட்டதும் பெரும்பாலானவங்க உடனே போர்டுல கட்டம் போட ஆரம்பிச்சிடறாங்க. லோட் பேலன்சர், மைக்ரோசர்வீஸ், காஃப்கா, ரெடிஸ். அஞ்சே நிமிஷத்துல போர்டு நிறைஞ்சிடும். ஆனா வரிசையில நிக்கிறது என்னன்னு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க.

அதுதான் முதல் கேள்வி. ஒரு நாளைக்கு இத்தனை பேர்னு கணக்கா, இத்தனை மூட்டைன்னு கணக்கா? ஒருத்தர் 30 மூட்டை கொண்டுவருவார், இன்னொருத்தர் 300. எடை மேடையும் சாக்கும் லாரியும் ஆளைப் பார்த்து வேலை செய்யறதில்ல, மூட்டையைப் பார்த்துதான் செய்யுது. அப்போ இது சினிமா டிக்கெட் மாதிரி சீட் புக்கிங் இல்ல. ஒரு நாளோட கொள்ளளவுல இருந்து ஒரு அளவைக் கழிக்கிற கணக்கு. இந்த ஒரு பதில்ல டேபிளோட வடிவமே மாறிடுது.

ரெண்டாவது கேள்வி: எது தப்பாகவே கூடாது, எது கொஞ்சம் பழசா இருந்தா பரவாயில்ல? கொள்ளளவைத் தாண்டி ஒரு மூட்டைகூட புக் ஆகக் கூடாதுன்னு நான் சொல்வேன். "இன்னும் எவ்வளவு இடம் இருக்கு"ன்னு ஸ்கிரீன்ல காட்டற எண் அரை நிமிஷம் பழசா இருக்கலாம். மூணாவது: கொள்ளளவு நடுவுல மாறுமா? மாறும். லாரி வரலைன்னா அடுக்க இடம் இருக்காது, சாக்கு தீர்ந்தாலும் அப்படித்தான். இதைக் கேட்கிற கேண்டிடேட் ரொம்பக் குறைவு. கேட்டவங்க களத்தை யோசிச்சிருக்காங்கன்னு எனக்குப் புரிஞ்சிடும்.

அப்புறம் அளவு. இது நான் இன்டர்வியூவுக்காக வெச்சுக்கிற எண்ணுங்க, நிஜப் புள்ளிவிவரம் இல்ல. 500 நிலையம், ஒவ்வொண்ணுலயும் நாளுக்கு 800 மூட்டை, ஒரு விவசாயிக்கு சராசரி 80 மூட்டை. ஒரு நிலையத்துக்கு 10 பேர், மொத்தம் நாளுக்கு 5,000 பதிவு. ஒரு வாரத்துக்கான பதிவை ஒரே நேரத்துல திறந்தா 35,000. எல்லாரும் முதல் 10 நிமிஷத்துலயே வந்தாலும் செகண்டுக்கு 60 கூட வராது. பதட்டத்துல ஒவ்வொருத்தரும் பட்டனை மூணு தடவை அமுக்கினாலும் 180தான். ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர் இதைத் தாங்கும், பக்கத்துல ஒரு ஸ்டாண்ட்பை இருந்தா போதும். ஷார்டிங் எதுக்கு? "வேண்டாம்"னு கணக்கோட சொல்றவங்களுக்கு நான் அதிக மார்க் போடுவேன்.

இப்போ காம்பொனென்ட் பேசலாம். மனசு ரெடிஸ் கவுண்டர் பக்கம்தான் போகும், வேகம்தான். ஆனா கவுண்டர் ஒரு இடத்துலயும் பதிவு டேட்டாபேஸ்லயும் இருந்தா, ஒண்ணு எழுதி இன்னொண்ணு எழுதறதுக்குள்ள சர்வர் விழுந்துச்சுன்னா ரெண்டும் ஒத்துப்போகாது. 180 ரிக்வெஸ்டுக்கு அந்த வேகம் நமக்குத் தேவையே இல்ல. கொள்ளளவையும் பதிவையும் ஒரே டேட்டாபேஸ்ல, ஒரே டிரான்சாக்‌ஷன்ல வெச்சுடலாம்.

```sql
BEGIN;
INSERT INTO bookings (request_id, farmer_id, centre_id, day, bags)
VALUES ('a7f3', 512, 37, '2025-02-03', 120);

UPDATE slots SET booked = booked + 120
WHERE centre_id = 37 AND day = '2025-02-03'
  AND booked + 120 <= capacity;
COMMIT;
```

அந்த `UPDATE` எத்தனை வரிசையை மாத்துச்சுன்னு பார்க்கணும். பூஜ்யம்னா இடம் இல்லன்னு அர்த்தம், `COMMIT` பண்ணாம `ROLLBACK` பண்ணிடணும். ரெண்டு பேர் ஒரே நொடியில வந்தாலும், முதல் ஆள் முடிக்கிற வரைக்கும் ரெண்டாவது ஆள் அந்த வரிசைக்காகக் காத்திருப்பார். முதல்ல `SELECT` பண்ணி, கோட்ல கூட்டிப் பார்த்து, அப்புறம் எழுதறவங்க இங்கதான் மாட்டுவாங்க. ரெண்டு பேரும் பழைய எண்ணைப் படிச்சிருப்பாங்க. ஒரு நிலையம், ஒரு நாளுக்கு ஒரு வரிசைங்கறதால பூதலூர்ல காத்திருக்கிறவர் திருவையாறுல புக் பண்றவரைத் தடுக்க மாட்டார்.

`request_id` எதுக்கு? வயல்வெளியில சிக்னல் போய்ப் போய் வரும். பதிவு ஆகியிருக்கும், பதில் மட்டும் போன்ல வந்து சேர்ந்திருக்காது. அவர் மறுபடியும் அமுக்குவார். அனுப்பறதுக்கு முன்னாடியே ஆப் ஒரு எண்ணை உண்டாக்கி, திரும்ப முயற்சி பண்ணும்போதும் அதே எண்ணை அனுப்பணும். அந்தக் காலத்துல `UNIQUE` இருந்தா ரெண்டாவது `INSERT` தோத்துப் போகும், பழைய பதிவையே பதிலா கொடுத்துடலாம். இல்லன்னா 120 மூட்டைக்காரர் 240 மூட்டை இடத்தைப் பிடிச்சிருப்பார், அவருக்கே தெரியாம.

கேஷ், "எவ்வளவு இடம் இருக்கு" ஸ்கிரீனுக்கு மட்டும். எஸ்எம்எஸ் கம்பெனி மெதுவா பதில் சொன்னா வரிசைப் பூட்டு பிடிச்சே இருக்கும்ங்கறதால, டிரான்சாக்‌ஷனுக்குள்ள எஸ்எம்எஸ் அனுப்பக் கூடாது. "இவருக்கு அனுப்பணும்"னு ஒரு வரியை அதே டிரான்சாக்‌ஷன்ல எழுதி வெச்சா, தனியா ஒரு வொர்க்கர் எடுத்து அனுப்பிக்கும். விலை என்னன்னா, எப்பவாவது ஒரே மெசேஜ் ரெண்டு தடவை போகும். வராம இருக்கிறதைவிட அது மேல்.

எடை மேடைப் பக்கம் கதை வேற. அங்க நெட் போனா எடை போடறதை நிறுத்த முடியாது. அதனால நிலையத்து டேப்லெட்ல அன்னிக்குள்ள லிஸ்ட் காலையிலேயே இறங்கியிருக்கணும், எடையை அங்கேயே சேமிச்சு, நெட் வந்ததும் அனுப்பணும். புக்கிங்ல ஒத்திசைவு முக்கியம்னு சொன்ன அதே ஆள் இங்க நிக்காம ஓடறது முக்கியம்னு சொல்றார். முரண்பாடு மாதிரி இருக்கும், இல்ல. ஒரு நிலையத்தோட எடையை எழுதறது ஒரே டேப்லெட்தான், மோத ஆள் இல்ல. ரெண்டு டேப்லெட் வெச்சா லிஸ்டைப் பிரிச்சுக் கொடுக்கணும்.

கடைசி பத்து நிமிஷத்துல நான் மழையை விடுவேன். "நாளைக்குக் கொள்ளளவு 800 இல்ல, 300. ஏற்கெனவே 760 புக் ஆகியாச்சு." `capacity`யை மாத்தினா புது பதிவு தானா நின்னுடும், நம்ம `UPDATE` அதைப் பார்த்துக்கும். மீதி 460 மூட்டையை யார் தள்ளிப் போடறது? முதல்ல புக் பண்ணினவருக்கு முதல் இடமா? நெல்லைக் களத்துல கொட்டியாச்சுன்னு இருக்கிறவருக்கா? நல்ல கேண்டிடேட் இந்த இடத்துல மார்க்கரைக் கீழ வெச்சுட்டு என்னைக் கேட்பார், ஏன்னா இது கோட் முடிவு பண்ற விஷயம் இல்ல. நான் "கொட்டினவருக்கு முதல்ல"ன்னு சொன்னா, பதிவுக்கு ஒரு நிலை வேணும்: பதிவானது, களத்துக்கு வந்தது, எடை போட்டது, தள்ளிப்போனது. பழைய தேதியை அழிக்காம வெச்சிருக்கணும், "எனக்கு 3-ஆம் தேதின்னுதானே மெசேஜ் வந்துச்சு"ன்னு ஒருத்தர் வந்து நின்னா காட்டறதுக்கு.