அனுமதிச் சீட்டின் நிழற்படமும் நான்கு புலங்களும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் 'ஹால் டிக்கெட்' எனப்படுவது நம் நாட்டுப் பரீட்சை அனுமதி அட்டையை ஒத்தது. அதன் நிழற்படத்திலிருந்து பதிவெண், நிலையம், பாடம், திகதி ஆகியவற்றைக் கணினியைக் கொண்டு பிரித்தெடுக்க முற்படுகையில், எழுத்துணரி மென்பொருள் தருவது வெறும் எழுத்துக் கோவையே. எந்தத் துண்டு எப்புலத்துக்குரியது என்பதை அருகிலுள்ள தலைப்புச் சொல்லும் அது நிற்கும் வரிசையுமே தீர்மானிக்கின்றன. தாளைச் சரிவாகப் படமெடுத்திருப்பின் ஒரு பாடம் கீழ்வரிசைத் திகதியோடு இணைந்துவிடும். ஆதலின் முதலிற் படத்தை நிமிர்த்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 21BCO105 என்னும் பதிவெண் 2IBC0105 எனப் படிக்கப்படுகிறது. முதலிரண்டு இடங்கள் மாணவர் சேர்ந்த ஆண்டு, அடுத்த மூன்று பாடநெறிக் குறி, இறுதி மூன்று தொடரெண் என்னும் அமைப்பை நாம் அறிந்திருப்பின், இலக்கத்துக்குரிய இடத்திலுள்ள I என்பதை 1 ஆகவும், எழுத்துக்குரிய இடத்திலுள்ள 0 என்பதை O ஆகவும் திருத்தலாம். ஆனால் இறுதி 5 ஆனது 6 எனப் படிக்கப்படின் இம்முறை பயன்படாது, இரண்டும் இலக்கங்களே. அவ்விடத்தில் ஏதோ ஓர் எண்ணை நிரப்புவதிலும், புலத்தை வெறுமையாக விட்டு மனிதக் கண்ணுக்கு அனுப்புவதே நேர்மை.

05-11-2024 என்பதை மாதத்தை முன்வைத்து வாசிக்கும் மென்பொருள் மே 11 ஆக்கிவிடும். சீட்டிற் கிழமையும் அச்சிடப்பட்டிருப்பின் ஐயம் தீரும்: 2024 நவம்பர் 5 செவ்வாய், மே 11 சனி. அருகிலுள்ள FN, AN ஆகியன முற்பகலையும் பிற்பகலையும் குறிப்பன. அவற்றை விட்டுவிடின், திகதி சரியாயிருந்தும் மாணவர் பரீட்சையைத் தவறவிடக்கூடும்.