பத்து முறை வந்தால் பத்து மடங்கு மதிப்பா?

ஒரு பத்திரிகையின் பழைய கட்டுரைகளில் ‘வாழை’ என்று தேடுகிறோம். அந்தச் சொல் ஒரு கட்டுரையில் ஒருமுறை வருகிறது, இன்னொன்றில் பத்து முறை. அதற்காக இரண்டாவது கட்டுரை பத்து மடங்கு பொருத்தமானது ஆகிவிடாது. வாழையைப் பற்றியதுதான் என்று நான்கைந்து இடங்களிலேயே தெரிந்துவிடும். அதன்பிறகு எத்தனை முறை வந்தாலும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

இதைக் கணக்காக்கியது BM25 என்ற சூத்திரம். 1994 வாக்கில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சனும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது. பல தேடல் மென்பொருள்கள் இன்றும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. அதன் மையப்பகுதி இது:

```
f × (k1 + 1) / (f + k1 × (1 − b + b × L / A))
```

f என்பது சொல் வந்த எண்ணிக்கை, L கட்டுரையின் நீளம், A எல்லாக் கட்டுரைகளின் சராசரி நீளம். k1-க்கு 1.2, b-க்கு 0.75 என்று வைப்பதே வழக்கம். சராசரி நீளமுள்ள கட்டுரையில் சொல் ஒருமுறை வந்தால் மதிப்பெண் 1. இருமுறைக்கு 1.375, பத்து முறைக்கு 1.96, ஐம்பது முறைக்கு 2.15. எத்தனை முறை வந்தாலும் 2.2-ஐத் தொடாது. சொல்லைத் திணித்து முன்னுக்கு வரப் பார்ப்பவர்களுக்கு இந்த உச்சவரம்பே தடை. சொல் எவ்வளவு அரிதானது என்பதைக் காட்டும் எண்ணால் இந்த மதிப்பெண்ணைப் பெருக்குவார்கள். அது தனிக் கதை.

நீளத்தின் கணக்குதான் நுட்பமானது. ஒரு கட்டுரை நீண்டிருக்க இரண்டு காரணங்கள் இருக்கலாம். சொன்னதையே வளவளவென்று சொல்லியிருக்கலாம். அல்லது உண்மையிலேயே அதிக விஷயம் இருக்கலாம். முதல் வகைக்கு மதிப்பெண் குறைய வேண்டும், இரண்டாவதற்குக் குறையக் கூடாது. எது எந்த வகை என்று கணினிக்குத் தெரியாது. அதனால் b வழியாக ஒரு சமரசம்: 1 என்றால் நீளத்துக்கு முழுத் தண்டனை, 0 என்றால் தண்டனையே இல்லை.

சராசரி நீளம் 500 சொல் என்று கொள்வோம். 250 சொல் உள்ள குறுங்கட்டுரையில் ‘வாழை’ மூன்று முறை வருகிறது: மதிப்பெண் 1.76. 2,000 சொல் உள்ள நெடுங்கட்டுரையில் ஆறு முறை: 1.33. குறுங்கட்டுரை முந்துகிறது. b-ஐ 0 ஆக்கினால் முறையே 1.57, 1.83 என்று வரிசை தலைகீழாகிறது. நீளம் உச்சவரம்பைக் குறைப்பதில்லை, அதை நோக்கி ஏறும் வேகத்தைத்தான் குறைக்கிறது.

இதன் பலவீனம் மிக நீண்ட ஆவணங்களில் வெளிப்படும். முழுப் புத்தகமொன்றில் ஒரு சொல் சில முறை வந்தாலும், வராதது போன்ற மதிப்பெண்ணே கிடைக்கும். யுவான்ஹுவா லியூவும் செங்சியாங் சாயும் 2011-இல் இதைச் சுட்டிக்காட்டி, சொல் வந்திருந்தாலே ஒரு குறைந்தபட்ச மதிப்பு தரும் திருத்தத்தை முன்வைத்தார்கள்.

உங்கள் தளத்தின் தேடலில் நல்ல நெடுங்கட்டுரைகள் தொடர்ந்து பின்தங்கினால், முதலில் b-ஐக் குறைத்துப் பாருங்கள். மாற்றும் முன்பும் பின்பும் வாசகர்கள் உண்மையில் தேடிய சொற்களைக் கொண்டே வரிசையை ஒப்பிடுங்கள்.