கருவியை விலக்குவது கொலையாகாதா?

இந்திய அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. வாழும் உரிமையைச் சொல்லும் இந்த ஒற்றை வாக்கியத்துக்குள் சாகும் உரிமையும் அடங்குமா? 1994-இல் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அடங்கும் என்றார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு செல்லாது என்றும் அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில், கியான் கவுர் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை கிடையாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால், கண்ணியமாக வாழும் உரிமை இயற்கையான முடிவு வரைக்கும் நீள்கிறது, சாவை நெருங்கிவிட்ட ஒருவர் கண்ணியத்தோடு சாவதும் அதில் அடங்கக்கூடும் என்று போகிற போக்கில் சொல்லியும் வைத்தது. பின்னால் வந்த சட்டம் முழுவதும் அந்தச் சில வரிகளின் மேல் எழுந்ததுதான்.

அந்த வரிகளுக்குச் சோதனையாக வந்தது அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணாவை 1973 நவம்பரில் அங்கே வேலை பார்த்த ஊழியர் ஒருவர் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கினார். மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் நின்றதால் அவர் நினைவு மீளவே இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதே மருத்துவமனைக் கட்டிலில் இருந்த அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். இங்கே கவனிக்க வேண்டியது, அருணாவுக்கு வென்டிலேட்டர் எதுவும் இல்லை. தானாகவே மூச்சு விட்டார். மசித்த உணவை ஊட்டினால் விழுங்கினார். நீதிமன்றம் அனுப்பிய மருத்துவர்கள் அவர் உடம்பில் படுக்கைப் புண் இல்லாததைக் கண்டார்கள். செவிலியர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். நிறுத்தச் சொல்லும் உரிமை இருந்தால் அது அந்தச் செவிலியர்களுக்குத்தான் இருக்க முடியும், அவர்களோ அருணா வாழவேண்டும் என்கிறார்கள் என்று சொல்லி, 2011 மார்ச் 7 அன்று மனு தள்ளுபடியானது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார்.

மனுவைத் தள்ளிய அதே தீர்ப்பு, மற்ற நோயாளிகளுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. உயிர்காப்பு சிகிச்சையை விலக்கிக்கொள்வது அனுமதிக்கத்தக்கது, ஆனால் ஒவ்வொரு முறையும் உயர் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. நோயாளி ஐசியூவில் கிடக்க, உறவினர்கள் வழக்கறிஞரைத் தேடிப் போக வேண்டும் என்ற இந்த நிபந்தனை நடைமுறைக்கு ஒவ்வாதது. கியான் கவுர் தீர்ப்பு இந்த வழியை ஏற்றுக்கொண்டது என்று 2011 அமர்வு எழுதியதும் சரியல்ல. இங்கிலாந்தின் ஒரு தீர்ப்பை கியான் கவுர் அமர்வு எடுத்துக்காட்டியதே தவிர, முடிவு சொல்லவில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ‘காமன் காஸ்’ அமைப்பு 2005-இல் போட்டிருந்த மனு 2014-இல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

எடுத்துக்காட்டப்பட்ட அந்த இங்கிலாந்து தீர்ப்பு, 1993-இன் ஏர்டேல் - பிளாண்ட் வழக்கு. 1989-இல் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்க நெரிசலில் சிக்கிய இளைஞர் டோனி பிளாண்ட் தன் நினைவை முற்றிலும் இழந்தார். அவரும் மூச்சுக் கருவியில் இல்லை. மூக்கு வழியாகப் போட்ட குழாயில் உணவு போனது. அந்தக் குழாய் உணவும் மருத்துவ சிகிச்சைதான், நோயாளிக்கு நன்மை செய்யாத சிகிச்சையைத் தொடர மருத்துவருக்குக் கடமை இல்லை என்றது பிரபுக்கள் சபை. விஷ ஊசி போட்டால் நோயாளியைக் கொல்வது ஊசி. சிகிச்சையை விலக்கினால் அவர் இறப்பது, அதுவரை தடுத்து வைத்திருந்த நோயால். முதலாவது இன்றும் இந்தியாவில் கொலைக் குற்றம். இரண்டாவதைத்தான் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டையும் கருணைக்கொலை என்ற ஒரே பெயரால் நாளிதழ்கள் அழைப்பதில் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

தத்துவ நோக்கில் இந்தக் கோடு விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதல்ல. குழாயை எடுப்பதும் கையால் செய்யும் ஒரு செயல்தானே, விளைவும் சாவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவ நெறி இதற்குத் தரும் பதில் சம்மதத்திலிருந்து தொடங்குகிறது. சுயநினைவோடு இருக்கும் ஒருவர் அறுவை சிகிச்சை வேண்டாம் என்றால், அதனால் உயிர் போகும் என்றாலும், மருத்துவர் அவரைக் கட்டிப்போட்டு அறுக்க முடியாது. தொடங்க மறுக்கும் உரிமை இருந்தால், தொடங்கியதை நிறுத்தச் சொல்லும் உரிமையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பிறகு நிறுத்த முடியாதே என்ற பயத்தில், ஒருவேளை பலன் தரக்கூடிய வென்டிலேட்டரைக்கூட யாரும் தொடங்கவே மாட்டார்கள்.

2018 மார்ச் 9 அன்று, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு சாகும் உரிமை 21-ஆவது பிரிவின் பகுதி என்று அறிவித்தது. நினைவு தவறும் முன்பே ஒருவர் தன் விருப்பத்தை எழுதிவைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றது. ஆனால் உரிமையைக் கொடுத்த கையே அதைச் சுற்றி வேலியும் போட்டது. உயிலில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனைக் குழுவில் இருபது ஆண்டு அனுபவம் உள்ள நிபுணர்கள் இருக்க வேண்டும். இரண்டாவது குழுவை மாவட்ட ஆட்சியர் அமைக்க வேண்டும். கடைசியில் நடுவரே நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். இத்தனையும் முடியும்வரை பெரும்பாலான நோயாளிகள் இருக்க மாட்டார்கள். தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் இதை எடுத்துச் சொல்ல, 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு விதிகளைத் தளர்த்தியது.

இன்றைய நடைமுறையை ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது எழுபது, நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவியிருக்கிறது. நோய் தெரிந்தபோதே உயில் எழுதிவிட்டார். ‘மீள வழியில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்தால் வென்டிலேட்டர், டயாலிசிஸ் வேண்டாம், வலிக்கு மருந்து மட்டும் கொடுங்கள்’ என்பது அதன் சாரம். தன் சார்பில் சம்மதம் தர மகளையும் தம்பியையும் குறித்திருக்கிறார். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் சான்று பெற்றார். அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமும் பெறலாம். பிரதிகள் மகளிடமும் தம்பியிடமும் குடும்ப மருத்துவரிடமும் இருக்கின்றன. இன்னொன்று உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனது. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

ஒரு நாள் வலிப்பு வந்து, அவசரத்தில் வென்டிலேட்டர் போடுகிறார்கள். பத்து நாளாகியும் நினைவு திரும்பவில்லை. மகள் உயிலைக் காட்டுகிறார். சிகிச்சை தரும் மருத்துவர் அது உண்மையானதா என்று சரிபார்க்கிறார். பிறகு அவரும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு, கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். கருவியை விலக்கலாம் என்று அது சொன்னால் மருத்துவமனை இரண்டாவது குழுவைக் கூட்டும். அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் அதே 48 மணி நேரம். இரு குழுவும் ஒத்துப்போய், மகளும் தம்பியும் சம்மதித்தால், நடுவருக்குத் தகவல் அனுப்பிவிட்டு முடிவை நிறைவேற்றலாம். நடுவர் வந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழுக்கள் மறுத்தால் குடும்பம் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். உயில் எழுதாதவருக்கும் இதே வழிதான். அங்கே நெருங்கிய உறவினர்கள் சம்மதம் தருகிறார்கள்.

படுக்கையருகே நடப்பது சுவிட்சை அணைத்துவிட்டு ஒதுங்குவது அல்ல. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்தி, அதன் விளைவு தீரும்வரை பொறுக்க வேண்டும். இல்லையேல் நோயாளி திணறுவதே வெளியில் தெரியாது. மூச்சுத்திணறலுக்கு மார்ஃபினும் பதற்றத்துக்கு மிடாசோலமும் கருவியை விலக்கும் முன்பே கொடுக்கத் தொடங்குகிறார்கள். நெற்றி சுருங்குகிறதா, மூச்சு வேகமாகிறதா, கழுத்துத் தசை இழுக்கிறதா என்று பார்த்து அளவைக் கூட்டுகிறார்கள். மருந்தின் நோக்கம் திணறலைப் போக்குவது. திணறல் அடங்கிய பிறகும் கூட்டிக்கொண்டே போனால் அது கோட்டைத் தாண்டிவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறை கூட்டும்போதும் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். மானிட்டரின் ஓசை அணைக்கப்படும், குடும்பம் உள்ளே இருக்கும். சிலர் சில நிமிடங்களில் இறக்கிறார்கள், சிலர் தாமாகவே மூச்சுவிட்டு நாள்கணக்கில் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது சாத்தியத்தை முன்கூட்டியே சொல்லாவிட்டால், தவறு செய்துவிட்டோமோ என்று வீட்டார் நிலைகுலைந்துபோவார்கள்.

மூளைச்சாவு இதிலிருந்து வேறானது. மூளைத்தண்டு முற்றிலும் செயலிழந்தவர், 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி இறந்தவர். தலைமையாசிரியரோ, அருணாவோ அப்படி அல்ல. அவர்கள் உயிரோடு இருந்தவர்கள். ஆனால் அந்தச் சட்டம் உறுப்பு தானத்துக்காக எழுதப்பட்டது என்பதால், தானத்துக்குக் குடும்பம் மறுத்தால் இறந்துவிட்டவருக்கும் கருவியை நிறுத்தத் தயங்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. கேரளா 2020-இல் தானத்தோடு தொடர்பில்லாமலே மூளைச்சாவை அறிவிக்க வழிகாட்டுதல் கொடுத்தது.

இந்த முறையான வழி தெரியாத, அல்லது குழு அமைக்கத் தயங்கும் இடங்களில் வேறொன்று நடக்கிறது. “இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்று சொல்லி, மருத்துவ ஆலோசனைக்கு மாறாகப் போகிறோம் என்ற தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆம்புலன்சில் ஒருவர் கைப்பையை அழுத்தி மூச்சு கொடுத்தபடியே வருவார். வீட்டு வாசலில் குழாயை எடுப்பார்கள். மார்ஃபின் இருக்காது, திணறலைப் பார்த்து அளவு கூட்ட மருத்துவரும் இருக்க மாட்டார். தாளின்படி முடிவெடுத்தது குடும்பம், மருத்துவமனைக்குப் பொறுப்பில்லை. சில நேரம் பில் கட்ட முடியாமலும் இதே தாளில் கையெழுத்து விழுகிறது என்பதால், நோயின் முடிவு எது, பணத்தின் முடிவு எது என்று பிரித்தறிய வழியே இல்லை. இரண்டு குழுக்கள் எழுதும் குறிப்பு இந்த இடத்தில்தான் பயன்படுகிறது: காரணம் மருத்துவமா என்று பிற்பாடு யாரும் சரிபார்க்கலாம்.

இரண்டாவது குழுவுக்கு மருத்துவரை நியமிக்கும் பொறுப்பு மாவட்ட அதிகாரியிடம் இருப்பதால், மாநில அரசு அசையாமல் மருத்துவமனை மட்டும் முயன்று பயனில்லை. கர்நாடக அரசு 2025 ஜனவரி இறுதியில் இந்தக் குழுக்களை அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2024-இல் வெளியிட்டது வரைவு வழிகாட்டுதலை. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றும் வரைக்கும் தன் வழிமுறைகள் நடைமுறையில் இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவைத்திருக்கிறது.