“ஆமாங்க, நல்லாத்தான் பார்த்தாங்க”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார் ஒரு நோயாளி. வாசலில் படிவத்தோடு நிற்கும் ஒருவர் அவரிடம் ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டுகிறார்: ‘மருத்துவரும் நர்ஸும் என்னிடம் மரியாதையாகவும் பொறுமையாகவும் நடந்துகொண்டார்கள்.’ இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், நடுநிலை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன் என்ற ஐந்தில் ஒன்றை அவர் சொல்ல வேண்டும். “ஆமாங்க, நல்லாத்தான் பார்த்தாங்க” என்கிறார். படிவத்தில் 4 விழுகிறது. இப்படிப் பல நூறு படிவங்கள் சேர்ந்ததும், நோயாளிகள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று ஓர் அறிக்கை எழுதப்படுகிறது.

அந்த 4 எதை அளந்தது என்பதுதான் கேள்வி. மருத்துவர் நடந்துகொண்ட விதத்தையா, எதைக் கேட்டாலும் ஆமாம் சொல்லும் பழக்கத்தையா, அல்லது ‘நாளைக்கும் இங்கேதானே வரணும், எதுக்குக் குறை சொல்லணும்’ என்ற எண்ணத்தையா? மூன்றுக்கும் படிவத்தில் ஒரே 4 தான்.

இந்த ஐந்து படி முறையை அமைத்தவர் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். 1932இல் கொலம்பியா பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வாக அவர் இதை வெளியிட்டார். அதற்கு முன்பு மனப்பாங்கை அளக்க தர்ஸ்டன் என்பவரின் முறை இருந்தது. அதில் ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு சாதகம், எவ்வளவு பாதகம் என்று நடுவர்களை வைத்து முதலில் மதிப்பிட வேண்டும். லிக்கர்ட் நடுவர்களை விலக்கினார். பதில் சொல்பவரே ஐந்து படிகளில் தன் இடத்தைக் காட்டட்டும், பல கூற்றுகளுக்கான எண்களைக் கூட்டினால் போதும் என்றார். கூட்டல்தான் அவர் முறையின் உயிர். ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அதை லிக்கர்ட் அளவுகோல் என்று சொல்வது இன்று பரவலாக நடக்கிறது. அவர் அளவுகோல் என்றது பல கூற்றுகளின் தொகுப்பை.

அதே ஆய்வில் அவர் ஓர் எச்சரிக்கையும் எழுதிவைத்திருந்தார். கூற்றுகளில் ஏறக்குறைய பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த் திசையிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதில்கள் ஒரே வார்ப்பில் விழுந்துவிடும் என்றார். இந்த அறிவுரை காற்றில் போனது. 1950இல் அடோர்னோவும் மற்ற மூவரும் சேர்ந்து எதேச்சாதிகார மனப்பான்மையைப் பற்றி எழுதிய பெரும் ஆய்வில் எஃப் அளவுகோல் என்ற ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதில் எல்லாக் கூற்றுகளும் ஒரே திசையில் இருந்தன. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவர் எதேச்சாதிகாரி என்று கணக்கானது. அவர் உண்மையிலேயே அப்படிப்பட்டவரா, வெறுமனே ஆமாம் போடுபவரா என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனது. அடுத்த பத்தாண்டுக்கு மேல் உளவியலாளர்கள் இதைப் பற்றி வாதாடினார்கள்.

ஆமாம் போடும் இந்தச் சாய்வு எவ்வளவு பெரியது என்பதை ஷூமன், பிரெஸ்ஸர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களில் நடத்திய சோதனை காட்டியது. குற்றங்கள் பெருகியதற்குச் சமூகச் சூழலைவிடத் தனிமனிதர்களே அதிகக் காரணம் என்ற கூற்றை ஒரு சாராரிடம் வைத்தார்கள். சுமார் 60 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அதைத் தலைகீழாக்கி, தனிமனிதர்களைவிடச் சமூகச் சூழலே அதிகக் காரணம் என்று இன்னொரு சாராரிடம் வைத்தார்கள். சுமார் 57 சதவீதம் பேர் அதையும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டும் ஒரே ஊர் மக்களின் கருத்தாக இருக்க முடியாது. கேள்வி கேட்டவரின் வாக்கியம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ, பதிலும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பள்ளிப்படிப்பு குறைந்தவர்களிடம் இந்தச் சாய்வு கூடுதலாகத் தெரிவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. படித்தவராகத் தெரியும் ஒருவர் ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டினால் அதை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்ற எண்ணம் ஒரு காரணம். களைப்பில் யோசிக்காமல் தலையாட்டிவிடுவது இன்னொன்று.

நோயாளிகளிடமும் இதுவே நடக்கிறது. நைஜீரியாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்குச் சேவையைப் புகழும் கூற்றுகள், மறு பாதியினருக்கு அதே விஷயங்களைக் குறையாகச் சொல்லும் கூற்றுகள். இரண்டாம் பாதியினரின் திருப்தி குறிப்பிடத்தக்க அளவு குறைந்து காணப்பட்டது. மருத்துவமனைகள் அவைதான், வாக்கியத்தின் திசை மட்டும் மாறியிருந்தது.

இனி நம் வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம். அதில் முதலில் கண்ணில் படும் குறை, இரண்டு ஆட்களும் இரண்டு குணங்களும் ஒரே வாக்கியத்தில் இருப்பது. மருத்துவர் பொறுமையாகக் கேட்டார், நர்ஸ் சிடுசிடுத்தார் என்றால் நோயாளி எதைச் சொல்வார்? இதை நான்காகப் பிரிக்க வேண்டும். இது எளிய வேலை. திசையை மாற்றுவதுதான் கடினம், தமிழில் இன்னும் கடினம்.

‘மருத்துவர் என் நோயைப் பற்றி எதுவும் விளக்கவில்லை’ என்று ஒரு எதிர்க்கூற்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி “ஆமாங்க” என்றால் விளக்கவில்லை என்று பொருள். “இல்லங்க” என்றால்? ‘இல்லங்க, ஒண்ணும் சொல்லல’ என்பதாகவும் இருக்கலாம், ‘இல்லங்க, நல்லா சொன்னாரு’ என்பதாகவும் இருக்கலாம். பேச்சில் குரலும் அடுத்து வரும் சொல்லும் இதைத் தெளிவாக்கிவிடும். படிவத்தில் வட்டம் போடுபவருக்கு அந்த உதவி கிடையாது. ‘விளக்கவில்லை’ என்பதை ‘மறுக்கிறேன்’ என்று இரட்டை எதிர்மறையாக மனதில் கணக்குப் போட எவராலும் அவ்வளவு எளிதில் முடியாது. ஆகவே ‘இல்லை’ சேர்த்துத் திசை மாற்றக் கூடாது. எதிர்ப் பொருள் தரும் நேர்வினையைத் தேட வேண்டும்: ‘மருத்துவர் என்னை அவசர அவசரமாக அனுப்பிவிட்டார்.’

மூன்று நேர்க்கூற்று, மூன்று எதிர்க்கூற்று என ஆறு எழுதியாகிவிட்டது. ஒருவர் ஆறுக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று 4 தருகிறார். எதிர்க்கூற்றுகளின் எண்ணை 6இலிருந்து கழித்துத் திருப்புவது வழக்கம், ஆகவே அவை 2 ஆகின்றன. 4, 4, 4, 2, 2, 2. சராசரி 3. ஆறும் நேர்க்கூற்றாகவே இருந்திருந்தால் இவருக்கு 4 வந்து, திருப்தியான நோயாளி என்று பதிவாகியிருப்பார். இப்போது சாய்வு சமன்செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அவர் மனதில் என்ன இருந்தது என்று இந்த 3 சொல்லவில்லை. உண்மையிலேயே நடுத்தரமாக உணர்ந்து, எல்லாவற்றுக்கும் ‘நடுநிலை’ என்றவரின் சராசரியும் 3 தான். எனவே திருப்புவதற்கு முன்பே மூல எண்களைப் பார்க்க வேண்டும். ‘பொறுமையாகக் கேட்டார்’ என்பதற்கும் ‘அவசரமாக அனுப்பிவிட்டார்’ என்பதற்கும் ஒருசேர ஆமாம் சொன்னவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மொத்தப் படிவமும் சந்தேகத்துக்குரியது.

இந்தச் சிக்கலை அடியோடு தவிர்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. ஒப்புக்கொள்வதற்கென்று ஒரு வாக்கியத்தையே நீட்டாமல் இருப்பது. ‘நீங்கள் சொல்ல வந்ததில் எவ்வளவை மருத்துவர் காது கொடுத்துக் கேட்டார்?’ என்று கேட்டு, எதையும் கேட்கவில்லை, கொஞ்சம், ஏறக்குறைய பாதி, பெரும்பகுதி, முழுவதும் என்று ஐந்து விடைகளைத் தரலாம். இதற்கு ஆமாம் என்று பதில் சொல்லவே முடியாது. தன் அனுபவத்தை நினைத்துப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்புக்கொள்ளும் வடிவத்தைவிட இந்த வடிவம் நம்பகமான பதில்களைத் தருகிறது என்று சாரிஸ், க்ரோஸ்னிக் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஒப்பீட்டில் கண்டார்கள். எழுதுபவருக்கு வேலை கூடுதல்தான், ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக விடைப்படிகள் எழுத வேண்டும். அந்தச் சோம்பல்தான் ‘ஒப்புக்கொள்கிறேன்’ படிவத்தை இத்தனை காலம் வாழவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சிக்கல் இதைவிடத் தந்திரமானது. நல்லவராகத் தெரிய வேண்டும், யாரையும் புண்படுத்தக் கூடாது, வம்பில் மாட்டக் கூடாது என்று யோசித்துப் பதில் சொல்பவரை எதிர்க்கூற்று பிடிக்காது. அவர் ‘பொறுமையாகக் கேட்டார்’ என்பதை ஒப்புக்கொள்வார், ‘அவசரமாக அனுப்பிவிட்டார்’ என்பதை மறுப்பார். முரண்பாடே இருக்காது. உண்மையிலேயே திருப்தியடைந்தவரின் படிவமும் இவருடைய படிவமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஆமாம் போடுபவரை அவருடைய முரண்பாடு காட்டிக்கொடுக்கும். இவரைக் காட்டிக்கொடுக்கப் படிவத்துக்குள்ளே எதுவும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க க்ரவுனும் மார்லோவும் 1960இல் 33 கூற்றுகள் கொண்ட தனி அளவுகோல் ஒன்றை உண்டாக்கினார்கள். யாரையும் ஒருபோதும் வெறுத்ததில்லை என்பதுபோல, கேட்க நன்றாக இருந்தாலும் பெரும்பாலோருக்கு உண்மையாக இருக்க முடியாத கூற்றுகள் அதில் உண்டு. நிறைய ஆமாம் சொன்னால் சந்தேகப்படலாம். ஆனால் யாரையும் வெறுக்காத ஒருவர் உண்மையிலேயே வந்து பதில் சொன்னால் அவரையும் அது சந்தேகப் பட்டியலில்தான் சேர்க்கும்.

ஆகவே பதிலைச் சொல்லும் சூழலைத்தான் மாற்ற வேண்டும். இந்தியாவில் திறந்தவெளிக்குச் செல்வதை அளந்த ஆய்வு ஒன்று இதற்கு நல்ல சான்று. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, வீட்டில் உள்ளவர்கள் வழக்கமாக எந்த வகைக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று வீட்டுக்கு ஒரு கேள்வி கேட்கும். வேறு சில ஆய்வாளர்கள், சிலர் வெளியே போகிறார்கள், சிலர் கழிப்பறைக்குப் போகிறார்கள் என்று முன்னுரை சொல்லிவிட்டு, வீட்டில் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டார்கள். 2019இல் வெளியான முடிவில், இரண்டாம் முறை ஏறத்தாழ 20 சதவீதப் புள்ளிகள் அதிகமான திறந்தவெளிப் பழக்கத்தைக் காட்டியது. வீட்டுக்கே ஒரு பதில் என்பதால் சிலரின் பழக்கம் மறைந்துபோவதும் அந்த வித்தியாசத்தில் உண்டு. ஆனாலும் இரண்டு பழக்கமும் உலகத்தில் உள்ளவைதான் என்று கேட்பவரே முதலில் சொல்லிவிட்டால், உண்மையைச் சொல்வதில் உள்ள கூச்சம் குறைகிறது.

நம் சுகாதார நிலையத்துக்கு இதைக் கொண்டுவரலாம். ‘கூட்டம் அதிகம் இருந்தால் சில நாள் மருத்துவரால் எல்லாவற்றையும் விளக்க முடிவதில்லை, சில நாள் நேரம் கிடைக்கிறது. இன்று உங்களுக்கு எப்படி?’ என்று தொடங்கலாம். கேட்பவர் அங்கே வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது. நர்ஸின் காதில் விழும் தூரத்தில் நின்று கேட்கக் கூடாது. எல்லாவற்றையும்விட உறுதியானது, கருத்தைக் கேட்பதை விட்டு நடந்ததைக் கேட்பது. ‘மருத்துவர் தெளிவாக விளக்கினாரா’ என்று கேட்பதற்குப் பதில், கையில் இருக்கும் மாத்திரை அட்டையைக் காட்டி, ‘இதை எப்போது, எத்தனை சாப்பிடணும்?’ என்று கேட்டு, சீட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மரியாதைக்காக இதற்குச் சரியான பதில் சொல்ல முடியாது.

மரியாதை, பொறுமை போன்றவற்றை இப்படி அட்டையைக் காட்டி அளக்க முடியாது. அவற்றுக்கு ஐந்து படிக் கேள்விதான் வேண்டியிருக்கிறது. சில நாள் கழித்து வீட்டில் போய்க் கேட்டால் தயக்கம் குறையும், ஆனால் ஞாபகமும் மங்கும். எந்த இழப்பைத் தாங்கலாம் என்று படிவம் எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தச் சூழலில் யார் கேட்டார்கள் என்பதையும், கேட்ட வாக்கியத்தையும் எழுத்து மாறாமல் அறிக்கையில் அவர் அச்சிட வேண்டும்.