நிகழ்வுச் செவ்வகப் படத்திலிருந்து சராசரியையும் பரவலையும் மதிப்பிடல்

நிகழ்வுச் செவ்வகப் படத்தின் ஒளிப்படம் மட்டும் கிடைத்து, மூலத் தரவுகள் கிடைக்காதபோது, பட்டைகளின் உயரங்களையும் பிரிவு இடைவெளிகளையும் கொண்டு கூட்டுச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் தோராயமாகக் கணக்கிடலாம்.

உயரத்தை அளத்தல்

ஒளிப்படத்தில் உயரங்கள் படப்புள்ளிகளில் அளக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 40 மாணவரின் மதிப்பெண்களைக் காட்டும் ஒரு படத்தில், செங்குத்து அச்சின் 0 குறிக்கும் 15 குறிக்கும் இடையே 600 படப்புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். அப்படியெனில் ஒரு மாணவருக்கு 40 படப்புள்ளிகள். ஒரு பட்டையின் உயரம் 322 படப்புள்ளிகள் என்றால் 322 ÷ 40 = 8.05; நிகழ்வெண் முழு எண்ணாகவே இருக்கும் என்பதால் அது 8 எனக் கொள்ளப்படும்.

| பிரிவு | நடுமதிப்பு | நிகழ்வெண் |
|---|---|---|
| 0–20 | 10 | 3 |
| 20–40 | 30 | 8 |
| 40–60 | 50 | 14 |
| 60–80 | 70 | 10 |
| 80–100 | 90 | 5 |

கணக்கீடு

ஒவ்வொரு பிரிவிலும் உள்ள அனைவரும் அதன் நடுமதிப்பையே பெற்றதாகக் கருதப்படுகிறது. நடுமதிப்பை நிகழ்வெண்ணால் பெருக்கிக் கூட்டினால் 2120 கிடைக்கும். எனவே சராசரி 2120 ÷ 40 = 53.

சராசரியிலிருந்து நடுமதிப்புகளின் விலக்கங்கள் முறையே −43, −23, −3, 17, 37. இவற்றின் வர்க்கங்களை நிகழ்வெண்களால் பெருக்கிக் கூட்டினால் 19640 வரும். அதை 40ஆல் வகுத்தால் 491. அதன் வர்க்கமூலமான 22.2 திட்ட விலக்கமாகும்.

அடிக்கோட்டுப் பிழை

அச்சில் எண்கள் தெளிவாகத் தெரியாவிட்டாலும் இக்கணக்கைச் செய்யலாம். பட்டைகளின் ஒப்பீட்டு உயரங்களே போதுமானவை என்பதால், படப்புள்ளி எண்ணிக்கையையே நிகழ்வெண்ணாகக் கொள்ளலாம். ஆனால் பட்டைகளின் அடி சுழியத்தில் இருக்க வேண்டும்.

மேற்கண்ட படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, அச்சு 2இலிருந்து தொடங்குவதைக் கவனிக்காமல் அளந்தால், உயரங்கள் 1, 6, 12, 8, 3 எனக் கிடைக்கும். சராசரி 54 ஆகும்; அதில் பெரிய மாற்றமில்லை. திட்ட விலக்கமோ 19.6 ஆகக் குறைந்துவிடும். ஓரத்திலுள்ள சிறிய பட்டைகளே விகிதத்தில் அதிகம் இழப்பதால், பரவல் உண்மையைவிடக் குறுகியதாகத் தோன்றுகிறது. மொத்த எண்ணிக்கை 40 எனத் தெரிந்திருந்தால், கூட்டுத்தொகை 30 மட்டுமே வருவது இப்பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

பிற வரம்புகள்

படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால், தொலைவிலுள்ள பட்டைகள் குட்டையாகத் தெரியும். படச் சட்டத்தின் இடப்பக்க, வலப்பக்க உயரங்களை ஒப்பிட்டு இதைக் கண்டறியலாம். பிரிவு இடைவெளிகள் சமமற்றவையாகவும் செங்குத்து அச்சு நிகழ்வெண் அடர்த்தியைக் குறிப்பதாகவும் இருந்தால், உயரத்துக்குப் பதிலாகப் பட்டையின் பரப்பளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், பிரிவுக்குள் மதிப்புகள் எங்கு உள்ளன என்பது படத்தில் தெரியாது. எனவே இங்கு உண்மையான சராசரி 43க்கும் 63க்கும் இடையே எங்கும் இருக்கலாம். பிரிவுகளுக்குள் மதிப்புகள் ஏறத்தாழச் சீராகப் பரவியிருந்தால் அது 53க்கு அருகில் அமையும்.