படமில்லாத தீபாவளி மடல்

பட்டுச்சேலைக் கடை தன் புது வரவுகளைக் காட்ட வேண்டுமென்றால் வண்ண வடிவமைப்பு மின்னஞ்சல்தான் சரி. சேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமே! ஆனால் பத்து வருட வாடிக்கையாளருக்கு வாழ்த்துச் சொல்லவும், பதில் எதிர்பார்க்கவும் வெறும் எழுத்தே நல்லது. வாழ்த்து முழுவதும் படத்துக்குள் இருந்தால், படங்களைத் தடுத்து வைத்திருப்பவருக்கு வெற்றுக் கட்டம்தான் தெரியும்.

வாசகமும் மாற வேண்டும். “தீபாவளி அதிரடி! இன்றே வாங்குங்கள்” என்பது பொத்தானுக்கு மேல் பொருந்தும். எழுத்து மடலில் அது கூச்சலாகிவிடும். இப்படி எழுதலாம்:

“வணக்கம் மீனாட்சி அம்மா, தீபாவளி வாழ்த்துகள். போன வருஷம் நீங்கள் கேட்ட மயில்கழுத்து நிறம் வந்திருக்கிறது. எடுத்து வைக்கட்டுமா? பதில் போடுங்கள். — செல்வம்”

ஒரே செய்தி, ஒரே கேள்வி, கடைப் பெயருக்குப் பதில் ஆள் பெயர். தலைப்பிலும் “தள்ளுபடி” வேண்டாம்; “மயில்கழுத்துச் சேலை வந்தாச்சு” போதும்.