செம்மஞ்சள் திரையை விலக்கும் கணக்கு

2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை, கல்லடி, நாவலடிப் பகுதிகளில் வீடுகளோடு புகைப்படத் தொகுப்புகளையும் கொண்டு சென்றது. அச்சிட்ட படம் அழிந்தபோதிலும், அதன் வர்ண நெகட்டிவ் உறவினர் வீட்டிலோ ஸ்டூடியோவிலோ எஞ்சியிருக்குமாயின் படத்தை மீட்கலாம். ஆனால், ஸ்கேனரில் பெற்ற நிறங்களை வெறுமனே தலைகீழாக்கினால், கரியதாக இருக்கவேண்டிய நிழலெல்லாம் நீலமாகிவிடும். நெகட்டிவ் எங்கும் பரவியுள்ள செம்மஞ்சள் நிறமே இதற்குக் காரணம்.

அந்நிறம் கறையன்று. நெகட்டிவிலுள்ள மஜெந்தாச் சாயம் பச்சை ஒளியை மட்டுமே தடுக்கவேண்டும். அதுவோ நீலத்தையும் சிறிது தடுக்கின்றது. சயான் சாயத்திலும் இத்தகைய குறை உண்டு. 1940களில் கொடாக் நிறுவனத்து ஹான்சன் இதற்கு நயமான பரிகாரம் கண்டார். சாயத்தை உண்டாக்கும் பொருளுக்கே அவர் நிறமூட்டினார். சாயம் தோன்றுமிடத்தில் அந்நிறம் அழியும்; தோன்றாவிடத்தில் நிலைக்கும். சாயத்தின் குறையும் எஞ்சிய நிறமும் சேர்ந்து எங்கும் ஏறத்தாழ ஒரே அளவாகின்றன. எனவே இத்திரை, படம் முழுவதையும் மூடிய வர்ணக் கண்ணாடியை ஒத்தது. கண்ணாடி ஒளியை விகிதப்படி குறைப்பதால், அதை நீக்க வகுத்தலே வேண்டும், கழித்தல் உதவாது.

வாவியின்மேல் வெண்மேகம் நிற்கும் படமொன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்கேனரின் தன்னியக்கத் திருத்தங்களை நிறுத்தி, ஒளிக்கு நேர்விகிதமான எண்களை 16 பிட்டில் பெறவேண்டும். இரு படங்களுக்கிடையே ஒளிபடாத வெற்றுப் பட்டியில் சிவப்பு 80, பச்சை 48, நீலம் 32 விழுக்காடு எனக் கொள்வோம். மேகத்தில் அவை 5, 3, 2. ஒவ்வொன்றையும் பட்டியின் எண்ணால் வகுத்தால் மூன்றும் 16 இல் ஒரு பங்காகும்; மேகம் நிறமின்றி நிற்கும். இதன் தலைகீழ் 16. நெகட்டிவோ காட்சியின் ஒளி வேறுபாட்டைச் சுருக்கியே பதிவு செய்கின்றது. அச்சுருக்கம் 0.6 எனின், 16 ஐ 1/0.6 என்னும் அடுக்குக்கு உயர்த்த ஏறத்தாழ 100 கிடைக்கும். இவ்வடுக்கை மறந்தால் படம் சோகையாகத் தோன்றும்.

வெற்றுப் பட்டியை அளக்காது, படத்துக்குப் படம் நிறத்தைத் தானே சமன்செய்யும் மென்பொருளை நம்பினால், அந்திவேளை வாவியின் செம்மையையும் அது பிழையென எண்ணித் துடைத்துவிடும். சுருளுக்கு ஒருமுறை அளந்த எண்களை எல்லாப் படங்களுக்கும் வழங்கினால் இவ்விடர் இல்லை. ஆயின் ஸ்கேனரின் ஒளியளவு இடையில் மாறக்கூடாது.

மேகம் வெண்மையாகவும், கண்ணாமரத்தின் நிழல் மட்டும் செந்நிறமாகவும் தெரிந்தால், மூன்று படலங்களின் சுருக்கமும் ஒன்றல்ல என்பது பொருள். அப்போது ஒவ்வொரு நிறத்துக்கும் அடுக்கைத் தனித்தனியே சிறிது மாற்றவேண்டும். சாயம் வெளுத்துப்போன பழைய நெகட்டிவிலோ வெற்றுப் பட்டி மட்டும் போதாது. காட்சியில் சாம்பல் நிறமென உறுதியாக அறிந்த பொருள்களை, நிழலில் ஒன்றும் வெளிச்சத்தில் ஒன்றுமாகத் தேடி, அவற்றைக் கொண்டே அடுக்குகளைத் தீர்மானிக்கவேண்டும்.